7-ஐ 4-ஆல் வகுத்தால் 1

கேள்வி: சி மொழித் தேர்வுல ஒரு நீளமான கணக்கைக் கொடுத்து, x-ன் மதிப்பு என்னன்னு நாலு ஆப்ஷன் தராங்க. முன்னுரிமை அட்டவணை எனக்கு மனப்பாடம். ஆனாலும் தப்பாகுது. நான் போட்ட விடை ஆப்ஷன்லயும் இருக்கறதால சந்தேகமே வர்றதில்ல. எப்படி யோசிக்கணும்?

பதில்:

உங்கள் தப்பான விடை ஆப்ஷனில் இருப்பது தற்செயல் இல்லை. சில வருடங்கள் நானும் இந்த மாதிரி வினாத்தாள் எழுதியிருக்கிறேன். சரியான விடையைக் கண்டுபிடிப்பது அரை நிமிட வேலை. மீதி நேரமெல்லாம், மாணவர் எங்கே சறுக்குவார், சறுக்கினால் என்ன எண் வரும் என்று போட்டுப் பார்ப்பதிலேயே போகும். அந்த எண்கள்தான் மற்ற மூன்று ஆப்ஷன்கள். அதனால் “என் விடை ஆப்ஷனில் இருக்கிறதே” என்ற தைரியத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

ஒன்றைப் போட்டே பார்ப்போம்.

```c
int x = 2 * 7 / 4 + 7 / 4 * 2 - 7 % 4;
```

அ) 4  ஆ) 1  இ) 2  ஈ) -2

எண்ணைத் தொடாதீர்கள். முதலில் அடைப்புக்குறி மட்டும் போடுங்கள். `*`, `/`, `%` மூன்றும் ஒரே படி. `+`, `-` இரண்டும் அதற்குக் கீழ்ப்படி. ஒரே படியில் இருப்பவை பக்கத்துப் பக்கத்தில் வந்தால் இடமிருந்து வலமாகச் சேரும். இதை வைத்து எழுதினால்:

```c
((2 * 7) / 4) + ((7 / 4) * 2) - (7 % 4)
```

இப்போது எண்கள். முதல் துண்டில் 14-ஐ 4-ஆல் வகுக்கிறோம். இரண்டுமே `int` என்பதால் புள்ளிக்குப் பின்னால் வருவது அப்படியே போய்விடும், 3. இரண்டாவது துண்டில் 7-ஐ 4-ஆல் வகுத்தால் 1, அதை 2-ஆல் பெருக்கினால் 2. மூன்றாவது, மீதி 3. மூன்றும் இரண்டும் ஐந்து, அதில் மூன்று போக 2. விடை இ.

முதல் இரண்டு துண்டுகளையும் கொஞ்சம் நின்று பாருங்கள். காகிதக் கணக்கில் இரண்டுமே 3.5தான். இங்கே ஒன்று 3, மற்றொன்று 2. பெருக்கிவிட்டு வகுத்தால் ஒரு தடவை வெட்டு விழுகிறது, அவ்வளவுதான். வகுத்துவிட்டுப் பெருக்கினால் முதலில் வெட்டுப்பட்ட 0.75-ம் இரண்டு மடங்காகித் தொலைகிறது.

மற்ற ஆப்ஷன்கள் எங்கிருந்து வந்தன? 4 என்பது தசமத்தோடு கணக்குப் போட்டவருக்கு: 3.5 + 3.5 - 3. 1 என்பது பள்ளியில் படித்த போட்மாஸை எழுத்துக்கு எழுத்து நம்பி, வகுத்தல் எப்போதும் பெருக்கலுக்கு முந்தி என்று எடுத்துக்கொண்டவருக்கு. அவர் முதல் துண்டை 2 * (7 / 4) என்று போட்டிருப்பார். அந்தச் சுருக்கெழுத்தில் டி-யும் எம்-மும் ஒரே படி என்று யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள். -2 என்பது `%`-ஐ எல்லாவற்றுக்கும் கடைசி என்று நினைத்தவருக்கு: 3 + 2 - 7 என்பது -2, அதை `% 4` செய்தால் சி-யில் -2. உங்கள் பழைய தாள்களை எடுத்து, நீங்கள் வட்டமிட்டது எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே சறுக்கல்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அடுத்த பொறி, இடப்பக்கத்து டைப்பை நம்புவது. நானே மாணவனாக இருந்தபோது மாட்டியது இதில்தான்.

```c
int f = 212;
float c = 5 / 9 * (f - 32);
```

`c` என்பது `float` ஆயிற்றே, 100 வரும் என்று எழுதினேன். வருவது 0. `/` தன் இரண்டு பக்கமும் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். விடை எந்த வேரியபிளுக்குப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. 5-ம் 9-ம் `int`, ஆகவே ஈவு 0. அதை 180-ஆல் பெருக்கினாலும் 0. அந்த 0 தான் கடைசியில் 0.0 ஆக மாறி `c`-க்குள் போகிறது. `5.0 / 9` என்று எழுதியிருந்தால் 100 வந்திருக்கும். `(float)5 / 9` என்றாலும் சரி. காஸ்ட் வகுத்தலை விட இறுக்கமாக ஒட்டும், எனவே 5 முதலில் `float` ஆகிவிடும். `(float)(5 / 9)` என்றால் மறுபடியும் 0, வெட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது. இந்த இரண்டையும் அடுத்தடுத்த ஆப்ஷனாக வைப்பது வினாத்தாள் எழுதுபவர்களுக்குப் பிடித்த விளையாட்டு.

ஆகவே அடைப்புக்குறி போட்டபின், ஒவ்வொரு `/`-க்குக் கீழேயும் “முழு எண்ணா, தசமமா” என்று பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுங்கள். ஒரு கோவையிலேயே ஒரு `/` முழு எண்ணாகவும் இன்னொன்று தசமமாகவும் இருக்கலாம்.

குறை எண் வந்தால் மட்டும் மொழி எது என்று பார்க்க வேண்டும். `-7 / 2` சி-யில் -3, ஏனென்றால் சி99 தரத்திலிருந்து வெட்டு பூஜ்யத்தை நோக்கித்தான் விழும். ஜாவாவிலும் அப்படியே. பைத்தானில் `-7 // 2` என்றால் -4; அது எப்போதும் கீழ்நோக்கி இறங்கும். (பைத்தான் 3-ல் ஒற்றை `/` போட்டால் தசமம், -3.5.) மீதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஈவை வகுஎண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் வர வேண்டும் என்பது எல்லாவற்றிலும் பொது. சி-யில் -3 × 2 = -6, -7 வர இன்னும் -1 வேண்டும்; எனவே `-7 % 2` என்பது -1. பைத்தானில் -4 × 2 = -8, எனவே மீதி 1.

கடைசியாக ஒன்று. `i++ + ++i` மாதிரிக் கேள்விகளில் இந்த வழி எதுவும் செல்லாது. எது எதோடு ஒட்டும் என்பதைத்தான் முன்னுரிமை சொல்கிறது, எது முதலில் நடக்கும் என்பதை அல்ல. ஜாவாவில் இடமிருந்து வலம் என்று விதி இருப்பதால் அதற்கு ஒரே விடை உண்டு. சி-யில் இப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று தரம் வரையறுக்கவே இல்லை. “வரையறுக்கப்படாதது” என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தப்பு கேள்வியில். ஆனால் மதிப்பெண் வேண்டுமென்றால் ஜாவா மாதிரி இடமிருந்து வலமாகப் போட்டு வரும் எண்ணை எழுதிவிட்டு வாருங்கள், கேட்டவர் மனதிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.