சொல்லெல்லாம் தெரிந்தும் பத்தி பிடிபடாதபோது

"அக்கா, நான் இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. மொழி வகுப்பில் ஆங்கிலப் பத்தி கொடுத்தால் ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, கேள்விக்கு எழுதும் பதில் மட்டும் தப்பாகிறது. சொற்கள் கூடி வேறு பொருள் தரும் இடியமும், வினையோடு 'அப்', 'ஆஃப்' மாதிரி ஒரு துணுக்கு சேர்ந்து வரும் ஃப்ரேசல் வெர்பும்தான் காரணம் என்கிறார்கள். பட்டியல் புத்தகம் வாங்கி மனப்பாடம் பண்ணட்டுமா? உச்சரிப்புக்குத் தனி வகுப்பு வேண்டுமா? நம்ம ஆட்களோடு தங்குவது நல்லதா, தனியாகவா?"

தம்பி, கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடுகிறேன். தங்குவது உங்கள் வசதி. உச்சரிப்பு பேசப் பேசப் படிந்துவிடும். பட்டியல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் உட்கார்ந்து பதில் எழுதத் தோன்றியது. வாங்காதீர்கள்.

நான் வந்த புதிதில் சேர்ந்த வகுப்பிலும் முதல் நாளே பட்டியலைத்தான் கையில் கொடுத்தார்கள். 'கெட்' என்று தலைப்பு. அதன் கீழே கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே என்று பக்கம் பக்கமாக. அடுத்த தாளில் 'புட்'. வினைச்சொல் மாறாமல் பின்னால் வரும் துணுக்கு மட்டும் மாறுகிற சொற்களை ஒரே மூச்சில் படித்தால், ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். இரவெல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள் மறுநாள் தேர்வில் 'புட் ஆஃப்', 'புட் அவுட்' இரண்டையும் மாற்றி எழுதினார்கள். குறை அவர்களிடம் இல்லை, படிக்கக் கொடுத்த விதத்தில் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் ஒரு ஃப்ரேசல் வெர்புக்கு எதிரே ஒரு பொருள்தான் போட்டிருக்கும். அடிக்கடி புழங்கும் 100 ஃப்ரேசல் வெர்ப்களை மட்டும் எடுத்துக்கொண்டு கார்ட்னர், டேவிஸ் என்ற இருவர் 2007-இல் பொருள்களை எண்ணிப் பார்த்தார்கள், 559 வந்தது. ஒன்றுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேல். 'டர்ன் டவுன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் 'ஆஃபர்' இருந்தால் வேண்டாம் என்று மறுப்பது, 'ரேடியோ' இருந்தால் சத்தத்தைக் குறைப்பது. எந்தப் பொருள் என்று சொல்வது பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல். பட்டியலில் அந்தப் பக்கத்துச் சொல்லைத்தான் வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

உங்கள் சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. "ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது" என்கிறீர்களே, ஆபத்தே அதுதான். தெரியாத சொல் கண்ணில் பட்டால் மனம் நின்றுவிடும். இடியம் தெரிந்த சொற்களுக்குள் ஒளிந்திருப்பதால் நிற்காமல் தாண்டிவிடுகிறோம், புரிந்தது என்றும் நினைத்துக்கொள்கிறோம். மார்டினெஸ், மர்ஃபி இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆங்கிலம் கற்பவர்களுக்கு ஒரே எளிய சொற்களால் ஆன இரண்டு வகைப் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு வகையில் அந்தச் சொற்கள் தனித்தனியே தம் பொருளில் நின்றன. மற்றதில் கூட்டுச் சேர்ந்து இடியமாக நின்றன. இரண்டாவதில் மதிப்பெண் இறங்கியது. அதைவிடக் கவலை தருவது, படித்தவர்களில் பலர் உண்மையில் புரிந்ததைவிட அதிகம் புரிந்துவிட்டதாக நம்பினார்கள் என்பது.

அதனால் பொருளை ஊகிப்பதற்கு முன்னால், இங்கே ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கப் பழக வேண்டும். சொல்லுக்குச் சொல் எடுத்த பொருள் அந்த இடத்தில் நடக்கக்கூடியதா என்று கேளுங்கள். நடக்காது என்றால் அங்கே நில்லுங்கள். தமிழில் 'விட்டுக்கொடுத்தான்' என்று படித்தால் எதை விட்டான், எதைக் கொடுத்தான் என்றா பிரித்துப் பார்க்கிறோம்? நம் மொழியில் தானாக நடக்கிற வேலையை இன்னொரு மொழியில் கொஞ்ச காலம் கவனித்துச் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

துணுக்கு எப்போதும் ஒட்டியே வராது என்பதையும் மனதில் வையுங்கள். 'கால்ட் த ஹோல் திங் ஆஃப்' என்று எழுதியிருந்தால் 'கால்ட்' ஒரு கோடியில், 'ஆஃப்' மறு கோடியில். முதல் சொல்லோடு நிறுத்தினால் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள் என்று ஆகிவிடும். ரத்து செய்தார்கள் என்பது கடைசித் துணுக்கில் இருக்கிறது. வினைக்குப் பின்னால் 'இட்', 'தெம்' வந்து அதற்கப்புறம் ஒரு 'ஆஃப்', 'அப்', 'டவுன்' தனியாக நின்றால், பெரும்பாலும் அது ஃப்ரேசல் வெர்ப்.

இனி ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்களுக்கு வார இறுதியில் சொல்லிக்கொடுக்க நானே எழுதி வைத்திருப்பது:

"த மேனேஜ்மென்ட் ஹேட் பீன் சிட்டிங் ஆன் த ரிப்போர்ட் ஃபார் மன்த்ஸ். வென் த ஸ்டோரி ஃபைனலி ப்ரோக், தே ட்ரைட் டு ப்ளே டவுன் த ப்ராப்ளம், பட் த ஸ்டாஃப் ஸா த்ரூ இட். த டைரக்டர் ஹேட் டு ஸ்டெப் டவுன், அண்ட் த நியூ ஒன் டிட் அவே வித் த ஓல்ட் சிஸ்டம்."

ஒன்றுகூடக் கடினமான சொல் இல்லை. ஆனால் ஒரு நிர்வாகம் மாதக்கணக்கில் அறிக்கை மேல் உட்கார்ந்திருக்குமா? இங்கே முதல் முறை நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே பொருள் தேடாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் துப்பு பல சமயம் பின்னால்தான் வரும். கதை 'ப்ரோக்' ஆனதாம். கதை உடையாது. அதற்கு முன் 'ஃபைனலி' இருக்கிறது, ஒருவழியாக, கடைசியில் என்று. மாதக்கணக்கில் ஒன்று நடந்தது, கடைசியில் அதற்கு எதிரானது நடந்தது. அறிக்கை வெளியே வராமல் கிடந்தது, பிறகு செய்தி வெளியே கசிந்தது என்று இரண்டும் ஒன்றையொன்று திறந்துவிடுகின்றன. ஆகவே 'சிட்டிங் ஆன்' என்றால் வெளியிடாமல் கிடப்பில் போட்டு வைப்பது.

'ப்ளே டவுன்' என்ற இடத்தில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் "மறைக்கப் பார்த்தார்கள்" என்கிறார்கள். ஊகித்ததைத் திரும்பப் பத்திக்குள் வைத்துப் படிக்கச் சொல்வேன். செய்திதான் வெளியே வந்துவிட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது? பொருள் உட்காரவில்லை. அப்படியானால் பிரச்சினை இருப்பதை ஒத்துக்கொண்டு, அதைப் பெரிதில்லை என்று காட்டப் பார்த்தார்கள். 'டவுன்' என்ற துணுக்கும் குறைவு, இறக்கம் என்ற பக்கமே சாய்கிறது. துணுக்கை இப்படிக் கடைசியில் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். முதலிலேயே கூப்பிட்டால் ஏமாற்றும். 'ஸ்லோ டவுன்', 'ஸ்லோ அப்' இரண்டுமே வேகம் குறைவதைத்தான் சொல்கின்றன.

அடுத்து 'பட்' வருகிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் எந்தப் பத்தியிலும் தவறவிடாதீர்கள். நிர்வாகம் சமாளித்தது, 'ஆனால்' ஊழியர்கள் 'ஸா த்ரூ'. அப்படியென்றால் சமாளிப்பு பலிக்கவில்லை, ஊழியர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். 'ஸ்டெப் டவுன்' படியிறங்குவதில்லை என்பதை அடுத்து வரும் 'த நியூ ஒன்' காட்டிக்கொடுக்கிறது. புதியவர் வந்திருக்கிறார் என்றால் பழையவர் பதவி விலகியிருக்கிறார். கடைசியில் 'டிட் அவே வித்'. பழைய முறையை ஒழித்தாரா, மாற்றியமைத்தாரா? 'அவே' ஒழித்தார் என்ற பக்கம் தள்ளுகிறது, பத்தி அதற்குமேல் உறுதி தரவில்லை. இந்த மாதிரி இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே படியுங்கள். படித்து முடித்தபின் அகராதியைத் திறந்து, உங்கள் ஊகத்தோடு பொருந்துகிற பொருளைத் தேடுங்கள். ஒழித்தார் என்பதுதான் சரி என்று அப்போது தெரிந்துவிடும்.

இந்த முறை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. "கடிதம் வந்தது, ஷி வாஸ் ஓவர் த மூன்" என்று எழுதி அதோடு நிறுத்தியிருந்தால், மகிழ்ச்சியா துக்கமா என்று எந்தக் கெட்டிக்காரராலும் சொல்ல முடியாது. கடிதத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாத இடத்தில் ஊகிக்காதீர்கள், அகராதியைப் பாருங்கள்.

தமிழர்களான நமக்கென்று தனியாக ஒரு பொறியும் இருக்கிறது. 'ஹி இஸ் புல்லிங் மை லெக்' என்று வந்தால் நம் ஆட்கள் உடனே "காலை வாருகிறான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நமக்கு அது கூட இருந்தே கவிழ்ப்பது. அவர்களுக்கு அது விளையாட்டுக்குச் சீண்டுவது. என் வேலையிடத்தில் நம்மவர் ஒருவர், குறிப்பு ஒன்றில் வந்த இந்த வரியை வைத்து ஒரு நல்ல மனிதரோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்தார். இத்தனைக்கும் அந்தக் குறிப்பிலேயே முன்னும் பின்னும் வாழ்த்தும் சிரிப்பும்தான் இருந்தன. தமிழில் பழக்கமான சொல்வழக்கு ஆங்கிலத்தில் தென்பட்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். 'வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' மாதிரி சில, கைகழுவினான் என்று அப்படியே பொருந்தும்தான். பொருந்துகிறதா என்பதைப் பத்திதான் சொல்ல வேண்டும்.

"இருக்க இருக்கத் தானா வந்துரும்" என்று பழைய ஆட்கள் உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். பல வருஷம் இருந்தும் எதற்கும் தலையாட்டிவிட்டுப் பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்ததால். அதில் தனிச் சொல் எதையும் எழுதமாட்டேன். அறிவிப்புப் பலகையிலோ மெயிலிலோ கண்ட முழு வாக்கியம், அதற்கு முந்தியது, பிந்தியது, மூன்றும் இருக்கும். என் ஊகத்தைப் பென்சிலில் எழுதுவேன், சரிபார்த்ததைப் பேனாவில். சில மாதங்களில் பென்சிலும் பேனாவும் ஒன்றாக வரத் தொடங்கின. அந்த நாட்களின் சந்தோஷத்தை இப்போதும் பெருமையாகவே சொல்வேன்.

பிறகு பொறுப்பான வேலைக்கு வந்தபின் ஒருநாள் கூட்டக் குறிப்பில் 'த ப்ரொபோசல் வாஸ் டேபிள்ட்' என்று வந்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது ஒன்றை விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் விவாதிக்காமல் ஒத்திவைப்பது. அந்த அறையில் இரண்டு வகையினரும் இருந்தார்கள், குறிப்பில் வேறு துப்பு எதுவும் இல்லை. "இப்போது இதைப் பேசப் போகிறோமா, தள்ளிவைக்கிறோமா?" என்று நான்தான் கேட்டேன். தாய்மொழியாகவே ஆங்கிலம் பேசும் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு வேறு பதில் சொன்னார்கள், அதன்பின் அந்த வரியைத் திருத்தி எழுதினோம்.