மஞ்சக்கருவைத் தூக்கிப் போடணுமா?

"பாளையங்கோட்டைல ஜிம்முக்குப் போறேன். மஞ்சக்கருவைத் தூரப் போட்டுட்டு வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடச் சொல்லுதாங்க. சதை ஏற அதுதான் சரியா?"

வேண்டாம், முழு முட்டையாகவே சாப்பிடுங்கள். 50 கிராம் முட்டையில் புரதம் ஏறக்குறைய 6 கிராம். அதில் வெள்ளைக்கருவின் பங்கு மூன்றரைதான், மீதி மஞ்சக்கருவில். பயிற்சி முடிந்ததும் 18 கிராம் புரதம் வேண்டுமென்றால் முழு முட்டை 3 போதும், வெள்ளைக்கரு என்றால் 5 வேண்டும். முட்டை 7 ரூபாய் என்றால் 21 ரூபாய்க்கு முடிகிற வேலைக்கு 35 ரூபாய் செலவு. வைட்டமின் ஏ, டி, பி12இல் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விடும்.

2017இல் வெளியான இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில், எடைப் பயிற்சிக்குப் பின் இளைஞர்களுக்கு இரண்டிலும் 18 கிராம் புரதமே கொடுத்தார்கள். முழு முட்டை தின்றபோது தசைப்புரதம் கூடுதலாக உருவானது. ஆனால் 10 பேரிடம், சில மணி நேரம் அளந்த ஆய்வு அது. மாதக்கணக்கில் சதை எவ்வளவு ஏறும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மஞ்சக்கருவில் சுமார் 5 கிராம் கொழுப்பு உண்டு. ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் வழக்கம் என்றால், முதலில் குறைக்க வேண்டியது அந்த எண்ணெயை. எடை குறைக்கும் மாதங்களில் 2 முழு முட்டையோடு 2 வெள்ளைக்கரு எடுங்கள்: புரதம் சுமார் 19 கிராம், கொழுப்பு 10. சர்க்கரை நோயோ கொலஸ்ட்ராலோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

பச்சையாக மட்டும் குடிக்காதீர்கள். புரதத்தில் பாதிதான் செரிக்கும். அவித்தால் 90 சதவீதம்.