குப்பையை எரிக்கும் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடலாமா?

“ஐயா, நான் பெங்களூர் மடிவாளாவில் இருக்கிறேன். சொந்த ஊரில் என் தங்கை கவுன்சிலர். ஊரில் 2 லட்சம் பேர். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறோம், நகராட்சிக்குப் பைசா செலவில்லை என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறது. இப்போது போல கிடங்கில் கொட்டுவதே மலிவு என்கிறார் கமிஷனர். உரம் போடலாம் என்கிறாள் தங்கை. எது சரி?”

தங்கை சொல்வதுதான் சரி. கம்பெனிக்காரர் கொடுத்த ஒப்பந்தத்தில் இப்போதைக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

2 லட்சம் பேர் என்றால் தினம் சுமார் 75 டன் குப்பை வரும். நம் ஊர்களில் அதில் பாதிக்கு மேல் சோறு, காய்கறித் தோல், இலை என்று ஈரக் குப்பைதான். உங்கள் ஊருக்கு 45 டன் என்று வைத்துக்கொள்வோம். பிரிக்காமல் வாங்கினால் மீதி 30 டன்னும் அதோடு சேர்ந்து நனைந்துவிடும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகவே 600 கிலோகலோரி போய்விடும். தானாக நின்று எரிய, குப்பையில் கிலோவுக்குச் சுமார் 1,500 கிலோகலோரியாவது இருக்க வேண்டும். ஈரக் கலப்புக் குப்பையில் அது கிடைக்காது. உலை 850 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நச்சுப் புகை வரும். இறங்காமல் வைக்க டீசல் ஊற்ற வேண்டும். டெல்லி திமார்பூரில் 1987-இல் கட்டிய எரியுலை குப்பையில் சூடு போதாமல்தான் நின்றுபோனது. அதே தவறைப் புதுப் பெயர்களில் இன்னும் அனுமதிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

75 டன்னும் நன்றாகவே எரிந்தாலும் ஏறக்குறைய ஒரு மெகாவாட்தான் கிடைக்கும். அதற்கு 15 கோடிக்கு மேல் போட வேண்டும். எரித்த பிறகும் கால்வாசி வரை சாம்பல் மிஞ்சும், அதைக் கொட்டவும் கிடங்கு வேண்டும். அப்புறம் அந்தப் ‘பைசா செலவில்லை’. ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் ‘தினசரிக் குறைந்தபட்ச அளவு’ என்று ஒரு வரி இருக்கும். தினம் 70 டன் தர ஒப்புக்கொண்டு, பின்னால் ஈரக் குப்பையைப் பிரித்து 30 டன் மட்டும் தந்தால், குறைந்த 40 டன்னுக்கு நகராட்சி பணம் கட்ட வேண்டும். ஊர் ஒழுங்காகப் பிரித்தால் அபராதம், அதுவும் இருபது வருடத்துக்கு! தங்கையை முதலில் அந்த வரியைத் தேடச் சொல்லுங்கள்.

கிடங்கு மலிவு என்பது நிலத்துக்கு விலை போடாத கணக்கு. வருடம் 27,000 டன்னை நன்றாக இறுக்கிப் பத்து மீட்டர் உயரத்துக்குக் கொட்டினாலும், வருடத்துக்கு முக்கால் ஏக்கருக்கு மேல் போகும். இருபது வருடத்தில் பதினாறு ஏக்கர். சுற்றி விட வேண்டிய இடம் தனி. பெங்களூருக்கு வெளியே மண்டூர் கிடங்கில் கொட்டிவந்த நகரக் குப்பையை அந்த ஊர் மக்கள் போராடி 2014-இல் நிறுத்தியபோது, மாற்று இடம் தேடி நகரம் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு டன் ஈரக் குப்பை காற்றில்லாமல் புதைந்து அழுகினால் 50 கிலோ வரை மீத்தேன் வரும். அதையே புரட்டிப் போட்டு மட்க வைத்தால் நாலு கிலோ அளவுதான்.

உரத்துக்கு மூன்று ஏக்கர் போதும். ஆறடி உயர நீள்குவியல், வாரம் ஒரு புரட்டு, ஐந்து வாரம், அப்புறம் ஆறவைத்துச் சலிப்பு. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உள்ளங்கை நனைய வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் காய்ந்த இலை கலக்க வேண்டும். கம்பியை நடுவில் குத்தி எடுத்தால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். கூரை கட்டாயம், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் குவியல் சேறாகி நாறும். 45 டன்னுக்கு எட்டொன்பது டன் உரம் கிடைக்கும். அதை விற்று லாபம் பார்க்கலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். கலப்புக் குப்பையில் செய்த உரத்தில் கண்ணாடித் துண்டு கிடக்கும், விவசாயி இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

எரிப்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிரித்தெடுத்த உலர் குப்பையில் விற்கக்கூடியது போக, பிஸ்கட் உறை, கிழிந்த துணி, செருப்பு என்று பத்துப் பதினைந்து டன் மிஞ்சும். அதைக் காயவைத்துக் கட்டாகக் கட்டி சிமெண்ட் ஆலைக்கு அனுப்பலாம். அந்த உலை ஏற்கெனவே 1,400 டிகிரிக்கு மேல் எரிகிறது, சாம்பலும் சிமெண்டோடு போய்விடும். ஆனால் பிளாஸ்டிக் எரிந்தால் கரியமில வாயு வரத்தான் செய்யும், நிலக்கரியை மிச்சப்படுத்துவது மட்டுமே ஆதாயம். ஈரமாக இருந்தால் ஆலை திருப்பி அனுப்பும். ஆலை தூரமாக இருந்தால் லாரி வாடகையும் நகராட்சி தலையில். நூறு கிலோமீட்டருக்குள் ஆலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதில் இறங்கட்டும்.

கடைசியாக எடைமேடை. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் காண்ட்ராக்டருக்கு டன் கணக்கில் பணம். ரசீதுகளைப் புரட்டினால் எல்லா வண்டிக்கும் காலி எடை ஒரே எண். காலி வண்டியை யாரும் ஏற்றியதே இல்லை. குப்பைக்கு அடியில் கட்டிட இடிபாடு வேறு. தங்கை ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போய், கொட்டிவிட்டு வரும் வண்டியை மறுபடி மேடையில் ஏற்றிப் பார்க்கட்டும். 75 டன் என்பது உண்மையான 75 தானா என்று அப்போதுதான் தெரியும்.