28,000 கூடுதல்னு வருதே, சரியா?

"புது ஆஃபர் லெட்டரில் வருஷம் 9,60,000, அதாவது மாசம் 80,000. இப்போதைய பேஸ்லிப்பில் கைக்கு வருவது 52,000. எக்செல்ல போட்டா 28,000 கூடுதல்னு வருது. ரெண்டையும் இணைச்சிருக்கேன்."

அந்த 28,000-ஐ நம்பாதீங்க. 80,000 என்பது நிறுவனத்துக்கு ஆகும் செலவு, 52,000 பிடித்தம் போக மிச்சம். ரெண்டும் ஒரே வரிசையில் உட்காரக்கூடாது.

ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ரெண்டு நெடுவரிசை சேருங்க: மாதத்துக்கா வருஷத்துக்கா, என்ன வகை. வகை நாலு போதும்: மாத வரவு, நிபந்தனை வரவு, நிறுவனப் பங்கு, பிடித்தம்.

உங்க ஆஃபர் இணைப்பில் நிறுவனத்தின் சேமநிதிப் பங்கு 43,200, பணிக்கொடை 16,800, செயல்திறன் போனஸ் 96,000. இந்த 1,56,000 மாசாமாசம் வராது. மிச்சம் 8,04,000, அதாவது மாசம் 67,000. பேஸ்லிப்பில் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம் 58,000. ஆக நிஜ வித்தியாசம் 9,000, அதுவும் வரிக்கு முன்னாடி. போனஸைத் தனி வரிசையில் வைங்க. "வரை" என்ற சொல் ஒட்டியிருந்தால் அது உச்சவரம்பு, உறுதித்தொகை இல்லை.

பிடிஎஃப்பிலிருந்து எண்களை எடுக்கும்போது வருஷத் தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தத்தைக் காட்டும் `YTD` நெடுவரிசை நைசா நுழைஞ்சிடும் (நானும் ஏமாந்திருக்கேன்). வரவுகளைக் கூட்டினால் 58,000 வரணும், சேமநிதி 3,600, வரி 2,400 கழிச்சா 52,000 வரணும். வரலைன்னா ஏதோ ஒரு எண் தப்பா ஏறியிருக்கு. அரியர் சேர்ந்த மாசத்து பேஸ்லிப்பை எடுக்காதீங்க.