எடுகூற்று பொய், ஆனாலும் வாதம் செல்லும்: அளவையியல் மாணவர்களின் கேள்விகள்

முதல் பருவத்தில் அளவையியல் படிப்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. ஒரு வாதம் செல்லுபடியாகிறது என்கிறார் ஆசிரியர், அடுத்த வரியிலேயே அது திடமானதல்ல என்கிறார். இரண்டும் எப்படிச் சேரும்? அந்தக் குழப்பத்தின் வெவ்வேறு வடிவங்களாக வந்த சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: "எல்லா மீன்களும் செவுள்களால் சுவாசிப்பவை. திமிங்கிலங்கள் மீன்கள். ஆகவே திமிங்கிலங்கள் செவுள்களால் சுவாசிப்பவை." இதைச் செல்லாது என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது. திமிங்கிலம் மீனே இல்லையே?

திமிங்கிலம் மீன் இல்லை என்பது சரி. ஆனால் உங்களிடம் கேட்கப்பட்டது திமிங்கிலத்தைப் பற்றி அல்ல. முதல் இரண்டு வரிகளும், அதாவது எடுகூற்றுகள், உண்மையாக இருந்து முடிவு மட்டும் பொய்யாகிவிடும்படி ஒரு சூழ்நிலை இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

கற்பனை செய்து பாருங்கள். மீன்கள் என்று ஒரு பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்தில் உள்ள அத்தனையும் செவுள்களால் சுவாசிக்கின்றன. திமிங்கிலங்களும் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இப்போது செவுள் இல்லாத ஒரு திமிங்கிலத்தை உங்களால் எங்காவது நிறுத்த முடிகிறதா? கூட்டத்துக்கு உள்ளே நிறுத்தினால் முதல் வரி உடைகிறது. வெளியே நிறுத்தினால் இரண்டாவது வரி உடைகிறது. வேறு இடமே இல்லை. ஆகவே வாதம் செல்லும்.

செல்லுபடி என்பது எடுகூற்றுகளுக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள பிணைப்பைப் பற்றியது. இதை ஒப்புக்கொண்டால் அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. திடம் என்பதற்கு இன்னொரு நிபந்தனையும் வேண்டும்: பிணைப்பு இருப்பதோடு எடுகூற்றுகள் அத்தனையும் உண்மையாகவும் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று பொய்யானாலும் திடம் போயிற்று. நீங்கள் "செல்லும், ஆனால் திடமானதல்ல, இரண்டாவது எடுகூற்று பொய்" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் மூன்று வரிகளும் உண்மையாக இருந்தால் வாதம் கட்டாயம் செல்லும், இல்லையா?

இல்லை. "எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள். எல்லா நீலத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள். ஆகவே எல்லா நீலத் திமிங்கிலங்களும் திமிங்கிலங்கள்." மூன்றும் உண்மை. படிக்கும்போது இயல்பாகவும் இருக்கிறது. அதனால்தான் ஏமாற்றுகிறது.

சோதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. வாக்கியங்களின் கட்டமைப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சொல்லை மட்டும் எல்லா இடத்திலும் மாற்றுங்கள். நீலத் திமிங்கிலம் வரும் இடத்திலெல்லாம் வௌவால் என்று போடுங்கள். எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள், எல்லா வௌவால்களும் பாலூட்டிகள், ஆகவே எல்லா வௌவால்களும் திமிங்கிலங்கள். அதே கட்டமைப்பு, உண்மையான எடுகூற்றுகள், அபத்தமான முடிவு. முதலில் எழுதியதில் முடிவு உண்மையாக இருந்தது எடுகூற்றுகளால் அல்ல. அது ஏற்கெனவே உண்மை, அவ்வளவுதான். செல்லாத வாதத்துக்குத் திடமும் கிடையாது.

கேள்வி: திடமற்ற வாதம் என்றால் முடிவு பொய் என்றுதானே அர்த்தம்?

அதுவும் இல்லை. "எல்லா மீன்களும் பாலூட்டிகள். திமிங்கிலங்கள் மீன்கள். ஆகவே திமிங்கிலங்கள் பாலூட்டிகள்." செல்லும் வாதம். எடுகூற்றுகள் இரண்டுமே பொய். முடிவோ உண்மை. எதிராளியின் வாதத்தைத் திடமற்றது என்று காட்டிவிட்டால் அவர் சொன்ன முடிவும் விழுந்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர். விழுந்தது அந்த முடிவுக்கு அவர் கொடுத்த காரணம் மட்டுமே.

செல்லும் வாதத்தில் நடக்கவே முடியாதது ஒன்றுதான்: எடுகூற்றுகள் எல்லாம் உண்மை, முடிவு பொய். மற்ற எல்லாக் கலவையும் வரலாம்.

கேள்வி: பொய்யான எடுகூற்றை வைத்துக்கொண்டு, பிணைப்பு மட்டும் சரி என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன்? திடமான வாதங்களை மட்டும் படித்தால் போதாதா?

இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றைச் சேர்த்தேன் என்று சொல்லலாம். பதிலுக்கு வானியலில் நடந்த ஒரு கதை.

19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் யுரேனஸ் கோள் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்து, தெரிந்த கோள்களின் இழுப்பையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிரான்சின் உர்பென் லெ வெரியே இப்படி வாதித்தார் (வரிசையாக்கி எழுதியது நான்):

நியூட்டனின் விதி கோள்களுக்குத் துல்லியமாகப் பொருந்தும். அது பொருந்தி, தெரிந்த பொருள்களின் இழுப்பால் மட்டும் ஒரு கோளின் ஓட்டம் விளங்கவில்லை என்றால், தெரியாத ஏதோ ஒரு பொருள் அதை இழுக்கிறது. யுரேனஸின் ஓட்டம் அப்படி விளங்கவில்லை. ஆகவே தெரியாத பொருள் ஒன்று இருக்கிறது.

பிணைப்பில் ஓட்டை இல்லை. அந்தப் பொருள் வானில் எங்கே இருக்கும் என்றும் அவர் கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் கிடைத்தது.

அப்புறம் புதன் கோளின் முறை. சூரியனுக்கு மிக அருகே புதன் வந்துபோகும் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பு அந்த நகர்வில் பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது, ஆனால் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஒரு பாகையை 3600 கூறாக்கினால், நூறாண்டுக்கு ஏறத்தாழ 43 கூறு. 1859-இல் லெ வெரியே இதை வெளியிட்டபோது அவருக்குக் கிடைத்த அளவு 38. யுரேனஸ் என்ற இடத்தில் புதன் என்று போட்டு அதே வாதத்தைத் திரும்ப ஓட்டினார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே தெரியாத பொருள் இருக்க வேண்டும் என்றார். சூரியனைக் கடந்து சென்ற கரும்புள்ளி ஒன்றைப் பார்த்ததாக ஒரு மருத்துவர் தெரிவிக்க, அதை நம்பி அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தார்கள். பல ஆண்டுகள் தேடினார்கள். வல்கன் இல்லை.

இப்போது பாருங்கள். வாதம் செல்லும், முடிவு பொய். அப்படியானால் எடுகூற்றுகளில் குறைந்தது ஒன்று பொய்யாக இருந்தே தீர வேண்டும். பிணைப்பு உறுதியாக இருப்பதால்தான் இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்ல முடிகிறது. வாதம் செல்லாததாக இருந்திருந்தால், வல்கன் இல்லாததிலிருந்து எடுகூற்றுகளைப் பற்றி எதையுமே தெரிந்துகொண்டிருக்க முடியாது. தவறு பிணைப்பில்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் கேட்ட பயன் இதுதான்.

ஆனால் எந்த எடுகூற்று பொய் என்று அளவையியல் சொல்லாது. புதனின் அளவீடு தவறா? நாம் கணக்கில் சேர்க்காத வேறு விசை உண்டா? நியூட்டனின் விதியே துல்லியமானதல்லவா? அதை இயற்பியல்தான் தீர்க்க வேண்டியிருந்தது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டைக் கொண்டு கணக்கிட்டபோது, மிச்சமிருந்த அந்த 43 கூறும் எந்தப் புதுக் கோளும் இல்லாமலே வந்துவிட்டது. பொய்யான எடுகூற்று முதல் வரிதான்.

கேள்வி: (இதே கதையை வகுப்பில் கேட்ட ஒரு மாணவி) நெப்டியூன் வாதம் திடமானது, வல்கன் வாதம் திடமற்றது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். நான் மேலே எழுதிய வடிவில் இரண்டு வாதங்களுக்கும் முதல் வரி ஒன்றே. அது வல்கன் வாதத்தில் பொய் என்றால் நெப்டியூன் வாதத்திலும் பொய்தான். ஆகவே கறாராகப் பார்த்தால் நெப்டியூன் வாதமும் செல்லுபடியாகும், ஆனால் திடமற்றது. முடிவு மட்டும் உண்மை. மீன்களைப் பாலூட்டிகளாக்கிய வாதத்துக்கும் இதே நிலைமைதான்.

லெ வெரியே குருட்டு அதிர்ஷ்டத்தால் ஜெயித்தார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சூரியனை விட்டு அவ்வளவு தள்ளி இருக்கும் யுரேனஸில், நியூட்டனின் விதி தரும் பிழை அன்று கண்ட விலகலோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தவே தேவையில்லாத அளவு சிறியது. எனவே முதல் வரியைக் கொஞ்சம் தளர்த்தி, "யுரேனஸ் இருக்கும் தொலைவில் நியூட்டனின் விதி இந்தக் கணக்குக்குப் போதுமான அளவு துல்லியமானது" என்று வைத்து, இரண்டாவது வரியையும் அதற்கேற்ப மாற்றினால், அதே முடிவுக்குத் திடமான வாதம் கிடைத்துவிடும். புதனுக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் விதியின் பிழையும், விளக்க வேண்டிய மிச்சமும் ஒரே அளவு.

திடமற்ற வாதத்தைக் கண்டால் உடனே தூக்கி எறியாமல், எடுகூற்றை எவ்வளவு தளர்த்தினால் உண்மையாகும், தளர்த்திய பிறகும் முடிவு வருகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது நான் அதிகம் செய்யும் வேலையும் அதுதான்.

கேள்வி: எடுகூற்று உண்மையா பொய்யா என்று யாருக்குமே தெரியாவிட்டால் என்ன எழுதுவது?

"2-ஐ விடப் பெரிய எல்லா இரட்டை எண்களும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை. இந்த எண் 2-ஐ விடப் பெரிய இரட்டை எண். ஆகவே இது இரு பகா எண்களின் கூட்டுத்தொகை." முதல் வரி கோல்ட்பாக் ஊகம். 1742-இலிருந்து நிற்கிறது; இன்றுவரை யாரும் நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாதம் செல்லும் என்று இப்போதே சொல்லலாம், அதற்கு எண் கணிதமே தேவையில்லை. திடம் தெரியாது என்று எழுதுங்கள். திடமற்றது என்று எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதினால் ஊகத்தைப் பொய்யென்று நிறுவிவிட்டதாகச் சொல்கிறீர்கள்.

கேள்வி: "மழை பெய்கிறது. மழை பெய்யவில்லை. ஆகவே நிலவில் கடல் இருக்கிறது." இது செல்லும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. முதல் கேள்விக்குச் சொன்ன அதே சோதனையைப் போடுங்கள். எடுகூற்றுகள் இரண்டும் உண்மையாகி, முடிவு பொய்யாகும் சூழ்நிலை உண்டா? இரண்டும் ஒருசேர உண்மையாகும் சூழ்நிலையே கிடையாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் என்று வைத்துத்தான் பேசுகிறோம். ஆகவே எதிர் உதாரணம் ஒன்றும் கிடைக்காது; வாதம் செல்லும். நிலவு, கடல் என்ற இடத்தில் வேறு எதைப் போட்டாலும் செல்லும். இது ஒருநாளும் திடமாகாது என்பதும் அதே காரணத்தால்தான். பலருக்கு இது பிடிப்பதில்லை. இப்படிப்பட்டவற்றைச் செல்லாது என்று வைக்கும் மாற்று அளவையியல்களும் இருக்கின்றன, ஆனால் அவை உங்கள் முதல் பருவப் பாடத்தில் வராது. தேர்வில் "செல்லும், திடமற்றது" என்றே எழுதுங்கள்.