பக்கத்து பி.டி. சாரோட கிளாஸை பாத்து எப்படி கருத்து சொல்றது? கேள்வி பதில்

எங்க எச்.எம். ரெண்டு பி.டி. டீச்சரும் ஒருத்தர் கிளாஸை இன்னொருத்தர் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. நெட்ல எடுத்த பாரம் முப்பது பாயிண்ட் இருக்கு. எதை பாக்குறது மேடம்?

முப்பதையும் பாக்க போனா கண்ணு பேப்பர்லயே இருக்கும், கிரவுண்ட்ல இருக்காது. நான் நாலே எழுத்து வெச்சிருக்கேன். ஆ-ன்னா ஆடுறாங்க, கா-ன்னா காத்திருக்காங்க, சொ-ன்னா சார் சொல்றத கேக்குறாங்க, மா-ன்னா லைன் மாத்துறது, பந்து எடுக்குறதுன்னு ஏற்பாடு நடக்குது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ தலைய தூக்கி, கிளாஸ்ல பெரும்பாலான பசங்க என்ன பண்றாங்கன்னு ஒரு எழுத்து போடுங்க. 40 நிமிஷ பீரியட்னா 20 எழுத்து. இதோட நடுவுல நிக்குற ஒரு சாதாரண பிள்ளைய மனசுக்குள்ள புடிச்சுக்கோங்க, கெட்டிக்காரனும் வேணாம் கடைசில ஒளியுறவனும் வேணாம், பயிற்சி நடக்குறப்ப பத்து நிமிஷம் அது எத்தன தடவ பந்த தொடுதுன்னு எண்ணுங்க, அவ்ளோதான்.

நிஜமா ஒரு கிளாஸ் எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்களேன்.

எட்டாம் வகுப்பு, 36 பிள்ளைங்க, வாலிபால் அண்டர்ஆர்ம் பாஸ். பந்து ரெண்டு, அதனால ரெண்டு லைன், லைனுக்கு 18 பேர். ஒவ்வொருத்தரா வந்து பாஸ் பண்ணிட்டு பின்னாடி போகணும். கடைசில ஆறுக்கு ஆறு மேட்ச், மீதி 24 பேரு ஓரமா நின்னு கத்துறாங்க. வெளிய இருந்து பாத்தா சூப்பர் கிளாஸ், விசில் சத்தம், ஒழுங்கான லைன். பேப்பர்ல வந்தது: ஆ 4, கா 9, சொ 4, மா 3. அந்த நாலு ஆ-வும் வார்ம்-அப்ல விழுந்தது! பந்து வந்ததுக்கு அப்புறம் ஒரு ஆ கூட இல்ல. ஒரு பாஸுக்கு பத்து செகண்ட்னா 18 பேர் முடிய மூணு நிமிஷம், நான் எண்ணுன பொண்ணு பத்து நிமிஷத்துல மூணு தடவதான் பந்த தொட்டா.

அப்ப பந்து வாங்கி குடுக்காம எப்படி சரி பண்றது? எங்க ஸ்கூல்ல இருக்குறதே ஒண்ணு.

நிஜ பந்து ரெண்டோட பசங்க வீட்டுல கிடக்குற பிளாஸ்டிக் பந்து நாலு கொண்டாந்தா ஆறு பந்து, ஆறு பேரா ஆறு குரூப். அதே பத்து செகண்ட் கணக்குல ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவ முறை வரும், பத்து நிமிஷத்துல மூணு தடவ தொட்டது பத்து தடவயாகும். பிளாஸ்டிக் பந்து லேசு, காத்துல விலகும், ஆனா முழங்கால மடக்கி கைய நீட்டி வாங்குற பழக்கத்துக்கு போதும். ஒரே பந்துதான்னா ஒரு குரூப் மட்டும் பந்துல, மத்தவங்க ஸ்கிப்பிங், ரிலேன்னு சுத்தி மாத்திக்கலாம். மேட்ச்சையும் மூணுக்கு மூணுன்னு சின்னதாக்கிடுங்க.

கிளாஸ் அமைதியா, கண்ட்ரோலா இருந்தாலே நல்ல கிளாஸ்தானே? நான் அதத்தான் முதல்ல டிக் பண்ணுவேன்.

பாதி சரி. விசிலுக்கு நிக்கலைன்னா அடி படும், அதனால பாதுகாப்புக்கு கண்ட்ரோல் வேணும். ஆனா மேல சொன்ன கிளாஸ் ரொம்ப கண்ட்ரோலாதான் இருந்துச்சு சார். எத்தன செகண்ட்ல நிக்குறாங்கன்னு எழுதுங்க, அமைதிக்கு டிக் வேணாம்.

நான் கணக்கு டீச்சர், வாலிபால் ஒண்ணும் தெரியாது, என்னைய பாக்க அனுப்புறாங்க.

நாலெழுத்துக்கு விளையாட்டு தெரிய வேணாம். முந்தின நாளே சார்கிட்ட “இன்னைக்கு பிள்ளைங்க எந்த ரெண்டு விஷயத்த செய்யணும்”னு கேட்டுக்கோங்க. அவரு “முழங்கால் மடங்கணும், பந்து முன்கைல படணும்”னு சொன்னா, அந்த ரெண்டும் நடக்குதான்னு மட்டும் பாருங்க. அவரு பிள்ளைங்ககிட்ட சொன்னத அப்படியே எழுதுங்க. “நல்லா பண்ணு”ன்னு பத்து தடவயும் “கை நீட்டு”ன்னு ஒரு தடவயும் சொல்லிருந்தா அந்த பேப்பரே அவருக்கு காட்டிடும்.

மேடம், இந்த பாரம் சி.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷனுக்கு பைல்ல வைக்கலாமா? மார்க் எப்படி போடுறது?

அதுக்கு இல்லைங்க இது. மார்க் போட்ட நிமிஷம் அடுத்த தடவ அவரு நீங்க பாக்குறதுக்குன்னு ஒரு கிளாஸ் எடுப்பாரு. பேப்பர அவர்கிட்டயே குடுத்துடுங்க, காப்பி வேணாம்.

அவரு என்னைய விட ரொம்ப சீனியர், நான் சொன்னா கேப்பாரா? எப்படி ஆரம்பிக்குறது?

அன்னைக்கே, ஸ்டாப் ரூம்ல இல்லாம, பசங்களும் இல்லாத இடத்துல. முதல்ல பேப்பர நீட்டி “சார், நான் எண்ணுனது இது, உங்களுக்கு என்ன தோணுது?”ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கணும், இது கஷ்டம்தான். பெரும்பாலும் அவங்களே ஒம்போது கா-வ பாத்துட்டு “லைன் நீளமா போச்சு”ன்னு சொல்லிடுவாங்க. அப்ப ஒரே ஒரு மாத்தம் பேசி வெச்சுக்கிட்டு, அடுத்த தடவ அதே மாதிரி கிளாஸ்ல திரும்ப எண்ணுங்க. அஞ்சு குறை சொன்னா ஒண்ணும் நடக்காது.

எங்க ஸ்கூல்ல பெரிய பொண்ணுங்க நாலஞ்சு பேர் எப்பவும் மரத்தடில உக்காந்துக்குவாங்க. அத கா-ல சேக்குறதா?

நாலெழுத்துல அது விழவே விழாது, பெரும்பாலானவங்கள மட்டும் பாக்குறதால. அதான் இந்த முறையோட ஓட்டை. ஓரத்துல எத்தன பேர் உக்காந்தாங்கன்னு தனியா எழுதிட்டு வரேன். காரணம் உடம்பு முடியாததா, டிரஸ்ஸா, பசங்க பாக்குறாங்கங்குற கூச்சமான்னு எண்ணிக்கைல தெரியாது, டீச்சர்தான் கேக்கணும். யாராச்சும் இதுக்கு நல்ல வழி வெச்சிருந்தா சொல்லுங்க, எனக்கும் வேணும்.