மேலாளர் அழித்த செய்தி எங்கே போயிருக்கும்?

வடபழஞ்சியில் ஐ.டி. வேலை பார்த்தேன். 'நோட்டீஸ் பீரியட் வேண்டாம், 31-ஆம் தேதியே போகலாம்' என்று மேலாளர் டீம்ஸில் எழுதி, கடிதமும் அனுப்பினார். பிறகு அந்தச் செய்தியை அழித்துவிட்டார். இப்போது நிர்வாகம் இரண்டு மாதச் சம்பளம் கேட்கிறது. வேலையை விட்டு 20 நாள் ஆகிறது, என் கணக்கையும் மூடிவிட்டார்கள். அந்தச் செய்தி கிடைக்குமா?
— வாசகர், மதுரை

கிடைக்குமா என்பது உங்கள் நிறுவனம் டீம்ஸில் வைத்திருந்த தக்கவைப்பு விதியைப் பொறுத்தது. 'இத்தனை வருடம் வைத்திரு' என்று விதி இருந்தால், மேலாளர் அழித்தது திரையில் மட்டும்தான். அசல் செய்தி அஞ்சல்பெட்டியின் மறைவான ஒரு கோப்புறைக்குப் போய், விதி முடியும்வரை அங்கேயே கிடக்கும். பயனருக்கு அது தெரியாது. நிறுவனத்தின் ஐ.டி. நிர்வாகி, வழக்குக்கான ஆவணங்களைத் தேடி எடுக்கும் இ-டிஸ்கவரி வசதியில் அதை எடுக்கலாம். விதியே இல்லையென்றால் சில நாட்களிலேயே நிரந்தரமாகப் போயிருக்கும்.

உங்கள் கணக்கை மூடியதை நினைத்துக் கலங்க வேண்டாம். உரையாடலின் பிரதி இருவர் அஞ்சல்பெட்டியிலும் பதிவாகும். மேலாளருடையது இன்னும் அங்கேதானே இருக்கிறது?

கடிதத்தின் கதை வேறு. சாட்டில் அனுப்பும் கோப்பு, அனுப்பியவரின் ஒன்டிரைவில் `Microsoft Teams Chat Files` என்ற கோப்புறையில் இருக்கும். செய்தியை அழித்தால் கோப்பு அழியாது. அதைத் தனியாக அழித்திருந்தாலும் மறுசுழற்சித் தொட்டியில் பொதுவாக 93 நாள் வரை மீட்கலாம். எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான்.

அதனால் இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்புகையுடன் தபாலிலும், மின்னஞ்சலிலும். 'எல்லா ஆவணங்களையும் பாதுகாக்கவும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோஜனமில்லை. யார் யாருக்கு, எந்தத் தேதியில், எந்தக் கோப்பு என்று குறிப்பிட்டு, இரு அஞ்சல்பெட்டிகளையும் ஒன்டிரைவையும், எதுவும் அழியாதபடி நிறுத்திவைக்கும் சட்டப் பிடிப்பில் வைக்கக் கேளுங்கள். அன்று நடப்பில் இருந்த தக்கவைப்பு விதியின் நகலையும் கேளுங்கள்.

நோட்டீஸ் தேதிதான் இங்கே முக்கியம். அதற்கு முன் வழக்கமான விதிப்படி தானாக அழிந்ததற்கு நிறுவனத்தைக் குறை சொல்வது கடினம். நோட்டீஸ் கிடைத்த பிறகும் அழிந்தாலோ, வைத்துக்கொண்டே தராவிட்டாலோ, அது அவர்களுக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 119 அதற்கு இடம் தருகிறது.

உங்களிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தால், எடுத்த போனை அப்படியே வையுங்கள். டவுன் ஹால் ரோட்டில் எக்ஸ்சேஞ்ச் போட்டுவிடாதீர்கள்! அதைத் தாக்கல் செய்யும்போது அதே சட்டத்தின் பிரிவு 63(4) சான்றிதழ் வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் அதில் வரும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்திடம் இருப்பதை வரவழைக்க, வழக்கு வந்ததும் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி மனு போடலாம்.

அப்புறம் ஒன்று. பழைய பாஸ்வேர்டு வேலை செய்தாலும் உள்ளே நுழைந்து பார்க்காதீர்கள். அனுமதியில்லாத நுழைவு என்று உங்கள் மேலேயே புகார் வரும்.